அடகில் ஏறும் புரமோட்டர் பங்கு: கடன் கூடியதா, விலை குறைந்ததா?

வண்ணார்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் ஜனவரி கடைசியில் போனும் கையுமாக வீட்டுக்கு வந்தார். பத்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு வாங்கிச் சேர்க்கிறவர். "தம்பி, கம்பெனி லாபம் கூடியிருக்கு, கடனும் குறைஞ்சிருக்கு. ஆனா புரமோட்டர் அடகு 40-ல இருந்து 67 ஆயிட்டுன்னு போட்டிருக்கான். மனுஷன் புதுசா கடன் வாங்கியிருக்காரோ?" என்று கேட்டார்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கூட்டுறவு வங்கியில் பல வருஷம் நகைக்கடன் பிரிவில் இருந்தவன். அடகு என்றால் என்ன, எப்போது முழுகும் என்பதைத் தினமும் பார்த்தவன். அப்படியிருந்தும் பங்கு அடகு வேறு ஜாதி என்பது எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று, அதற்குக் கையில் இருந்து பணமும் போயிற்று. அண்ணாச்சி கேட்ட கேள்விக்குப் பதில் "இல்லை" என்பதுதான். அந்தப் புரமோட்டர் புதிதாக ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. ஆனால் வாங்கியிருந்தால்கூட இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கம்பெனியைத் தொடங்கி, நடத்தி, கணிசமான பங்கைக் கையில் வைத்திருக்கிற குடும்பத்தையோ குழுமத்தையோதான் புரமோட்டர் என்கிறோம். அவர்கள் தங்கள் சொந்தப் பங்கை ஒரு நிதி நிறுவனத்திடம் வைத்துக் கடன் வாங்குவதுதான் பங்கு அடகு. பங்கு டிமேட் கணக்கை விட்டுப் போகாது. அதன் மேல் கடன் கொடுத்தவர் பெயரில் ஒரு பூட்டு விழும், அவ்வளவுதான். டிவிடெண்டும் ஓட்டுரிமையும் புரமோட்டரிடமே இருக்கும். நம் பக்கத்து ஒத்தி இப்படி இல்லை. சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு வயலை ஒத்திக்குக் கொடுத்தால் அந்தப் பிசான நெல் ஒத்தி வாங்கியவர் வீட்டுக்குப் போகும், ஊருக்கே விஷயம் தெரிந்துவிடும். பங்கு அடகில் வெளியே எதுவும் மாறாது. ஆண்டுக் கூட்டத்தில் அதே முதலாளி அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

சரி, கணக்குக்கு வருவோம். கம்பெனி பெயர் வேண்டாம். எண்களையும் கணக்குப் போட வசதியாக முழு எண்ணாக்கிக்கொள்கிறேன்.

மொத்தம் 10 கோடிப் பங்கு. புரமோட்டர் குடும்பத்திடம் பாதி, அதாவது 5 கோடி. போன மார்ச்சில் பங்கு விலை 200 ரூபாய். குடும்பம் தன் சொந்தத் தேவைக்கு 200 கோடி ரூபாய் கடன் வாங்கியிருந்தது. கடன் கொடுத்தவர் இரண்டு மடங்கு ஈடு கேட்டார். 100 ரூபாய் கடனுக்கு 200 ரூபாய்ப் பங்கு. வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் பங்கின் மேல் கொடுக்கும் கடன், பங்கின் மதிப்பில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்று 2014-ல் ரிசர்வ் வங்கி விதித்திருப்பதும் இதே அளவுதான். ஆக 400 கோடி ரூபாய் மதிப்புள்ள பங்கு, அதாவது 2 கோடிப் பங்கு அடகுக்குப் போனது. குடும்பத்தின் 5 கோடியில் அது 40 சதவீதம்.

செப்டம்பரில் விலை 160 ஆகிவிட்டது. அடகில் உள்ள 2 கோடிப் பங்கின் மதிப்பு இப்போது 320 கோடிதான். ஈடு இரண்டு மடங்குக்குக் கீழே வந்துவிட்டதால் கடன் கொடுத்தவர் போன் பண்ணுவார்: பணத்தைக் கட்டுங்கள், இல்லையென்றால் இன்னும் பங்கு வையுங்கள். குடும்பம் இன்னும் 50 லட்சம் பங்கு வைக்கிறது. மொத்தம் இரண்டரைக் கோடி, 50 சதவீதம். டிசம்பரில் விலை 120. மறுபடி போன். இப்போது அடகில் இருக்க வேண்டியது 3.33 கோடிப் பங்கு. அதுதான் அண்ணாச்சி போனில் பார்த்த 67 சதவீதம்.

கடன் முதல் நாளும் 200 கோடி, இன்றும் 200 கோடி. ஏறியது அடகு மட்டும். இதே ரீதியில் விலை 100 ஆனால் 80 சதவீதம் அடகில் இருக்கும். 80 ரூபாய் ஆனால் முழு 5 கோடியும் போய்விடும். அதற்குக் கீழே ஒரு ரூபாய் இறங்கினாலும் மேலே வைக்கக் குடும்பத்திடம் பங்கு இல்லை.

இந்தக் கணக்கைப் பலமுறை போட்டுப் பார்த்தபிறகு அதற்குள் ஒரு எளிய சங்கதி இருப்பதைக் கவனித்தேன். அடகில் இல்லாமல் மிச்சம் இருக்கும் சதவீதம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு சதவீத விலை வீழ்ச்சியைத்தான் புரமோட்டர் தாங்க முடியும். 40 சதவீதம் அடகில் இருந்தபோது மிச்சம் 60, அதனால் 200 ரூபாயில் இருந்து 60 சதவீதம் விழுந்து 80-க்கு வரும்வரை தாங்கும். இப்போது மிச்சம் 33. 120 ரூபாயில் இருந்து மூன்றில் ஒரு பங்கு விழுந்தால் போதும், அதே 80 ரூபாய் வந்துவிடும். 90 சதவீதம் அடகு வைத்தவருக்கு 10 சதவீத வீழ்ச்சியே போதும். சின்னக் கம்பெனிப் பங்குகளில் 10 சதவீதம் என்பது இரண்டு நாள் சமாச்சாரம். புரமோட்டரிடம் வேறு ரொக்கமோ சொத்தோ இருந்தால் இந்த எல்லை தள்ளிப்போகும். ஆனால் வெளியில் இருக்கிற நமக்கு அந்த வேறு சொத்து கண்ணுக்குத் தெரியாது. தெரிந்த எண்ணை வைத்துத்தான் நாம் முடிவு எடுக்க முடியும்.

நகைக்கடனில் இருந்து வந்த எனக்கு இதில் புரியாமல் இருந்த இடம் அடுத்து வருவது. வங்கியில் நூறு பேருடைய நகையை ஏலம் விட்டிருக்கிறோம். அதனால் திருநெல்வேலியில் பவுன் விலை பத்துப் பைசாகூட இறங்கியதில்லை. தங்கத்தின் விலைக்கும் அடகு வைத்தவரின் கஷ்டத்துக்கும் சம்பந்தம் கிடையாது. பங்கில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கம்பெனி சரியில்லை என்றால் விலை விழும், அதே நேரத்தில் புரமோட்டரும் கஷ்டத்தில் இருப்பார். கடன் கொடுத்தவர் விற்க ஆரம்பித்தால் அந்த விற்பனையே விலையை இன்னும் இறக்கும். இறங்கிய விலை இன்னும் விற்கச் சொல்லும்.

எவ்வளவு இறக்கும் என்பதும் கணக்கில் வரும். 80 ரூபாய் விலையில் 200 கோடிக் கடனை மீட்க இரண்டரைக் கோடிப் பங்கு விற்க வேண்டும். இந்தப் பங்கில் ஒரு நாளைக்கு உண்மையாகவே கைமாறுவது 2 லட்சம் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடம் வாங்க வருகிற அத்தனை பேருக்கும் கடன் கொடுத்தவர் மட்டுமே விற்றால்கூட 125 வர்த்தக நாள் ஆகும், அதாவது ஆறு மாதம். யாரும் ஆறு மாதம் பொறுக்க மாட்டார்கள். ஒரே வாரத்தில் தள்ளப் பார்ப்பார்கள். காலை 9.15-க்குச் சந்தை திறந்ததும் பங்கு, ஒரே நாளில் விலை இறங்க அனுமதி உள்ள கடைசி எல்லையான லோயர் சர்க்யூட்டில் போய் நிற்கும். விற்க லட்சக்கணக்கான பங்கு வரிசையில் காத்திருக்கும், வாங்க ஒருவரும் இருக்க மாட்டார். மறுநாளும் அப்படியே. நான் ஒருமுறை தொடர்ந்து பல நாள் இப்படி விற்கும் ஆணையைப் போட்டுப் போட்டு நிறைவேறாமல் திரும்பியிருக்கிறேன். கடன் வாங்கியது நான் இல்லை. வட்டி கட்டாமல் விட்டதும் நான் இல்லை. ஆனால் ஏலம் போனதில் என் பங்கின் விலையும் சேர்ந்தே போனது.

பெரிய கம்பெனிகளில் இது நடக்காது என்று நினைக்க வேண்டாம். ஜீ என்டர்டெயின்மென்ட் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அதில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. அந்தக் கம்பெனி லாபத்தில் ஓடியது, சானல்களை ஊரெல்லாம் பார்த்தார்கள். கடன் இருந்தது அதன் கணக்கில் இல்லை. ஜீயைத் தொடங்கிய சுபாஷ் சந்திராவின் எஸ்ஸெல் குழுமத்தைச் சேர்ந்த, சந்தையில் பட்டியலிடப்படாத மற்ற கம்பெனிகளில் இருந்தது. உள்கட்டமைப்புத் தொழிலில் போட்ட பணம் சிக்கிக்கொண்டது. அந்தக் கடனுக்கு ஈடாகப் போயிருந்தது ஜீ பங்கு. 2018 முடிவில் புரமோட்டர் தரப்பிடம் சுமார் 41 சதவீதப் பங்கு இருந்தது, அதில் ஏறக்குறைய 60 சதவீதம் அடகில். 2019 ஜனவரி 25 அன்று குழுமத்தைப் பற்றி ஒரு செய்தி வெளியானது. குழுமம் அதை மறுத்தது. ஆனாலும் அந்த ஒரே நாளில் பங்கு கால்வாசிக்கு மேல் விழுந்தது.

கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கப் பாய்ந்தால் யாருக்கும் எதுவும் மிஞ்சாது என்று அவர்களுக்கே தெரியும். அதனால் அந்த வார இறுதியிலேயே பேசி, அந்த வருஷம் செப்டம்பர் 30 வரை விற்காமல் பொறுப்பதாக ஒப்புக்கொண்டார்கள். சுபாஷ் சந்திரா பகிரங்கக் கடிதம் எழுதிக் கடன் கொடுத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அப்புறம் துண்டு துண்டாகப் பங்கை விற்றுக் கடனை அடைத்தார்கள். வருஷக் கடைசியில் 41 சதவீதம் ஏறக்குறைய 5 சதவீதமாகச் சுருங்கியிருந்தது, சந்திராவும் நவம்பரில் தலைவர் பதவியை விட்டு இறங்கினார். கடன் கொடுத்தவர்களில் மியூச்சுவல் பண்டுகளின் கடன் திட்டங்களும் இருந்தன. ஜீ பங்கைத் தொட்டே பார்க்காதவர்கள், பிக்சட் டெபாசிட் மாதிரி என்று நம்பி அவற்றில் பணம் போட்டவர்கள், சிலர் முதிர்வு நாளில் முழுப்பணம் கிடைக்காமல் காத்திருந்தார்கள்.

அண்ணாச்சி "கம்பெனி கடன் குறைஞ்சிருக்கு" என்று சொன்னாரே, அது உண்மைதான். ஆனால் புரமோட்டரின் சொந்தக் கடன் கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பில் ஒரு வரிகூட இருக்காது. ஆண்டறிக்கையை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாலும் அந்த 200 கோடிக்கு என்ன வட்டி, எப்போது தவணை என்று தெரியாது. அடகு பற்றிய அறிவிப்புதான் அந்த மூடிய அறைக்கு உள்ள ஒரே ஜன்னல்.

இன்னொன்றும் உண்டு. அந்த வட்டியை எங்கிருந்தோ கட்டியாக வேண்டும். புரமோட்டருக்கு வேறு வருமானம் இல்லை என்றால் கண் கம்பெனியின் பணத்தின் மேல்தான் போகும். டிவிடெண்ட் திடீரென்று கூடும், அது பரவாயில்லை, நமக்கும் அதில் பணம் வரும். ஆனால் குழுமத்தின் வேறு கம்பெனிக்குக் கைமாற்றாகப் பணம் போவது, புரமோட்டரின் நிலத்தைக் கம்பெனி வாங்குவது, இவை தொடங்கினால் நமக்கு எதுவும் வராது. விலையை எப்படியாவது தூக்கி நிறுத்த வேண்டிய அவசரமும் அவருக்கு இருக்கும். வாரம் ஒரு நல்ல செய்தி எக்ஸ்சேஞ்சுக்கு வந்தால், அடகு சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

எல்லா அடகும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கம்பெனி தன் ஆலைக்காக வங்கியில் கடன் வாங்கும்போது, நிலம், இயந்திரத்தோடு புரமோட்டர் பங்கையும் கூடுதல் ஈடாக வங்கி கேட்பதுண்டு. கடன் மறுசீரமைப்பு நடந்த கம்பெனிகளில் இது சகஜம். இங்கே பங்கு விலை விழுந்ததும் போன் வருவது பெரும்பாலும் கிடையாது. கம்பெனி தவணை தவறினால்தான் பிரச்சினை. அதனால் 80 சதவீதம் அடகு என்ற ஒரே எண், ஒரு கம்பெனியில் வருஷக்கணக்காகச் சும்மா கிடக்கும், இன்னொன்றில் ஒரே வாரத்தில் வெடிக்கும். எண்ணை மட்டும் பார்த்துப் பயந்து விற்றவர்களையும் எனக்குத் தெரியும்.

எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முன்பெல்லாம் வழியே கிடையாது. 2008 டிசம்பரில் சத்யம் கம்பெனி புரமோட்டர்களின் பங்கைக் கடன் கொடுத்தவர்கள் விற்றபோதுதான், அவை அடகில் இருந்ததே வெளியில் உள்ள பங்குதாரர்களுக்குத் தெரிந்தது. அடுத்த ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டார். அந்த மாதமே பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அடகைப் பகிரங்கப்படுத்துவதைக் கட்டாயமாக்கியது. ஜீ விவகாரம் நடந்த 2019-ல் விதி இன்னும் இறுகியது. பங்கை விற்க மாட்டேன் என்று எழுதிக்கொடுத்துக் கடன் வாங்குவது போன்ற சுற்றுவழிகளையும் அடகுக்குச் சமமாகவே சொல்ல வேண்டும் என்றானது. புரமோட்டரின் பங்கில் பாதியோ, கம்பெனியின் மொத்தப் பங்கில் 20 சதவீதமோ அடகில் போய்விட்டால் காரணத்தையும் விவரமாக எழுதிக்கொடுக்க வேண்டும். 2019 அக்டோபர் 1 முதல் இது நடைமுறை.

அந்தக் காரணப் படிவத்தைத்தான் நான் முதலில் தேடுவேன். எக்ஸ்சேஞ்ச் இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் அறிவிப்புகளுக்குள் கிடைக்கும். மூன்று விஷயம் அதில் பார்க்க வேண்டியது. எவ்வளவு ரூபாய்க்காக அடகு என்பது ஒன்று. அடகில் உள்ள பங்கின் மதிப்புக்கும் அந்தத் தொகைக்கும் உள்ள விகிதம் இரண்டாவது. பணம் எதற்கு, கம்பெனிக்கா புரமோட்டரின் சொந்த உபயோகத்துக்கா என்பது மூன்றாவது. அடகு ஏறியும் தொகை ஏறவில்லை என்றால் அது விலை வீழ்ச்சிக்காக வைத்த கூடுதல் ஈடு. தொகையும் ஏறியிருந்தால் புதுக் கடன். புதுக் கடன் என்றால் எதற்கு என்று கேட்கலாம், சில சமயம் நல்ல பதிலும் கிடைக்கும். கூடுதல் ஈட்டில் நமக்குத் தெரியவருவது ஒன்றே ஒன்றுதான்: போன் வந்தபோது புரமோட்டரிடம் கட்ட ரொக்கம் இல்லை, அல்லது கட்ட மனமில்லை.

காலாண்டுக்கு ஒருமுறை வருகிற பங்குதாரர் பட்டியல் எல்லோரும் பார்ப்பது. காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் வந்துவிடும். அதில் அடகு வைத்த பங்குகளுக்கென்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே போட்டிருக்கும் சதவீதம் புரமோட்டர் வைத்திருக்கிற பங்கில் எத்தனை அடகு என்பது, கம்பெனியின் மொத்தப் பங்கில் அல்ல. நம் கணக்கில் 67 என்பது மொத்தத்தில் 33 சதவீதம்தான். இரண்டுமே வேண்டும். முதல் எண் புரமோட்டருக்கு இன்னும் எவ்வளவு மூச்சு இருக்கிறது என்று காட்டும். இரண்டாவது எண் சந்தையில் எவ்வளவு பங்கு கொட்டலாம் என்று காட்டும். புரமோட்டரிடமே 10 சதவீதம்தான் இருக்கிறது, அதில் 70 சதவீதம் அடகு என்றால் கொட்டக்கூடியது மொத்தத்தில் 7 சதவீதம். ஆனால் அவருக்குக் கம்பெனியில் ஒட்டியிருக்கும் சொந்தப் பணம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, அது வேறு கவலை.

அடகு குறைந்தால் நிம்மதி என்று நினைத்துத்தான் நான் ஏமாந்தேன். 72 சதவீதத்தில் இருந்து 55-க்கு இறங்கியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு இன்னும் கொஞ்சம் வாங்கினேன். பக்கத்துக் கட்டத்தைப் பார்க்கவில்லை. புரமோட்டரின் மொத்தப் பங்கும் அதே காலாண்டில் இறங்கியிருந்தது. கடன் கொடுத்தவர் அடகைச் செயல்படுத்திப் பங்கைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். மாற்றியது அடகுக் கணக்கில் இருந்து கழிந்துவிடும், சதவீதம் அழகாகக் குறையும். நகையை மீட்டாலும் ஏலம் போனாலும் பெட்டகம் காலியாகத்தான் தெரியும். புரமோட்டரின் பங்கு அப்படியே இருந்து அடகு மட்டும் இறங்கினால்தான் மீட்டது. இரண்டும் சேர்ந்து இறங்கினால் பங்கு போய்விட்டது, அல்லது விற்றுக் கட்டியிருக்கிறார்.

அண்ணாச்சியும் நானும் உட்கார்ந்து அந்தப் படிவத்தைத் திறந்தோம். தொகை மார்ச்சிலும் டிசம்பரிலும் ஒன்றுதான். விகிதம் 2. உபயோகம் புரமோட்டரின் சொந்தத் தேவை. அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ 80 ரூபாதான் எல்லையா?" என்று கேட்டார். கம்பெனியின் ஆர்டர்கள் நன்றாக இருக்கின்றன, விலை ஏறினால் இதே கணக்கு தலைகீழாகப் போய் அடகு தானாகவே குறையவும் வாய்ப்பு உண்டு, அதையும் சொன்னேன். 3,000 பங்கு வைத்திருந்தார். ஒரு வாரம் யோசித்து 2,000-ஐ விற்றார். வாங்க ஆள் இருக்கும்போதே விற்றது எனக்குச் சரியாகத்தான் பட்டது. மீதி 1,000 பங்கைக் கையில் வைத்திருக்கிறார். மார்ச் காலாண்டுப் பட்டியல் ஏப்ரல் 21-க்குள் வரும். 67 எங்கே போயிருக்கிறது என்பதோடு, புரமோட்டரின் 50 சதவீதம் அப்படியே இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லி, கடையின் பில் புத்தக அட்டையில் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறேன்.